இன்டர்வியூவில் சொல்ல மறந்ததை நன்றி மின்னஞ்சலில் சேர்க்கலாமா?

வெள்ளவத்தை_கணக்கு | 4 நவம்பர் 2025, பி.ப. 4.10

இன்று காலை ராஜகிரியவில் ஒரு கம்பனியில் நேர்முகப் பரீட்சை. எக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பதவி. மூன்று பேர் இருந்தார்கள்: நிதி முகாமையாளர், அவருக்குக் கீழுள்ள கணக்காளர், எச்.ஆர். பிள்ளை ஒருவர். நாற்பது நிமிடம் கதைத்தோம். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பொத்தான், ஜிப் கொடுக்கும் இடம். அதனால் ஒக்டோபர் 1ஆம் திகதியோடு எஸ்வட் என்ற வற் வரி முறை நின்றதைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு நன்றாகவே பதில் சொன்னேன்.

பிறகு நிதி முகாமையாளர் கேட்டார்: "மாத முடிவுக் கணக்கை மூடும்போது உங்களை அதிகம் தாமதப்படுத்துவது எது? அதற்கு என்ன செய்தீர்கள்?" வங்கிக் கணக்கிணக்கம் என்றேன், அதாவது வங்கிக் கூற்றையும் எங்கள் பதிவுகளையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. கவனமாகப் பார்ப்பேன், நேரத்துக்கு முடிப்பேன் என்று பொதுவாக இரண்டு வசனம் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். அவர் பேனையைக் கையில் வைத்தபடி இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்தார். வரவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பஸ் பொரளையில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் அச்சொட்டான பதில் இருக்கிறது. இப்போதைய கந்தோரில் வாடிக்கையாளர்கள் வங்கிக்கு நேரே பணம் அனுப்புவார்கள். வங்கிக் கூற்றில் "பேமன்ட்" என்று மட்டும் கிடக்கும், யார் அனுப்பியது என்று தெரியாது. ஜூன் முடிவில் அப்படி 70க்கு மேற்பட்ட வரிகள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நான்கு இலக்க எண் ஒன்று கொடுத்து, அதை விலைப்பட்டியலின் அடியில் தடித்த எழுத்தில் அச்சிட்டு, பணம் அனுப்பும்போது அதையே குறிப்பாக எழுதச் சொன்னோம். செப்டெம்பர் முடிவில் 9 வரிகள்தான் மிஞ்சின. கணக்கை 8ஆவது வேலை நாளில் மூடிய நாங்கள் 5ஆவது நாளில் மூடினோம்.

எப்படியும் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பப் போகிறேன். அதில் இதையும் சேர்க்கலாமா? கெஞ்சுவதுபோல் தெரியுமா?

கொட்டாஞ்சேனையான் | 4 நவம்பர், பி.ப. 4.32

சேருங்கள். இப்பவே அனுப்புங்கள், ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம். அந்த எக்செல் ஷீட்டையும் இணைத்து விடுங்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். எஸ்வட் பற்றி இன்னும் நாலு வரி எழுதினால் ஆள் விபரம் தெரிந்தவர் என்று விளங்கும். நான் போன வருடம் மனேஜரையே லிங்க்ட்இனில் தேடிப் பிடித்து எழுதினேன். வேலை கிடைத்தது.

மருதானை_நானா | 4 நவம்பர், பி.ப. 5.05

தங்கச்சி, அவசரப்படாதீங்க. விண்ணப்பம் கோரும் விளம்பரத்தைத் திருப்பி ஒருக்கா வாசிங்க. எந்த வகையில் செல்வாக்குச் செலுத்த முயன்றாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று கீழே ஒரு வரி இருக்கும். எங்கட கூட்டுத்தாபனத்தில் இன்டர்வியூ முடிஞ்ச பிறகு போர்ட் மெம்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதின பொடியனை அந்த ஒரு காரணத்துக்காகவே நீக்கினதை நான் கண்டிருக்கிறேன். புள்ளி போட்டு மூடிவைத்த பிறகு எதைச் சேர்த்தாலும் அது செல்வாக்குத்தான்.

வெள்ளவத்தை_கணக்கு | 4 நவம்பர், பி.ப. 5.20

நானா, இது தனியார் கம்பனி. விளம்பரத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு பயமாக இருக்கிறது.

தெஹிவளை_அக்கா | 4 நவம்பர், பி.ப. 6.15

பதினொரு வருடமாக ஆட்சேர்ப்பில் இருக்கிறேன், வாரத்துக்கு நாலைந்து நேர்முகத்தில் உட்காருகிறேன். நானா சொல்வது அரச துறைக்கு முழுக்கச் சரி. அங்கே புள்ளித் திட்டம் முதலே எழுதப்பட்டிருக்கும், அன்றைக்கே கையெழுத்து வைத்து மூடுவார்கள், பிறகு வரும் கடிதத்தால் நன்மை இல்லை, கெடுதல் வரலாம். தனியார் இடத்தில் நன்றி மின்னஞ்சல் சாதாரணம். கொழும்பில் பத்துப் பேரில் ஒருவர் இருவர்தான் அனுப்புகிறார்கள், அதுவும் எங்கோ இருந்து பிரதி எடுத்த மூன்று வரி.

அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சொல்கிறேன். எங்களிடமும் ஒரு தாள் இருக்கிறது. ஐந்தாறு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை, பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம். நீங்கள் கதவைச் சாத்திய உடனே நிரப்பிவிடுவோம். பின்னால் வரும் மின்னஞ்சலுக்காக யாரும் 3ஐ 4 ஆக்கமாட்டார்கள். ஆனால் இரண்டாம் சுற்றுக்கு யாரைக் கூப்பிடுவது என்று இருந்து கதைக்கும்போது இரண்டு பேர் சமமாக வருவார்கள். அப்போதுதான் அந்தக் குறிப்புக் கட்டத்தைப் பார்ப்போம். உங்களுடைய கட்டத்தில் "உதாரணம் சொல்லவில்லை" என்று நிதி முகாமையாளர் எழுதியிருப்பார். அந்த ஒரு வெறுமையைத்தான் உங்கள் மின்னஞ்சலால் நிரப்ப முடியும்.

ஆகவே எஸ்வட் வேண்டாம். நன்றாகச் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் வாசிப்பவர் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார், அடுத்த பந்திக்கு வரமாட்டார். அவர் பேனையோடு காத்திருந்த கேள்வி எதுவோ, அதற்கு மட்டும் பதில்.

எக்செல் ஷீட்டை இணைக்கவே வேண்டாம். அதில் உங்கள் கந்தோரின் வாடிக்கையாளர் பெயரும் தொகையும் இருக்கும். அதைப் பார்த்தால் என் மனதில் வருவது ஒன்றுதான்: நாளைக்கு எங்கள் பட்டியலையும் இப்படித்தான் வெளியே அனுப்புவார்.

முதலில் எழுதிப் பாருங்கள். இங்கே போடுங்கள்.

வெள்ளவத்தை_கணக்கு | 4 நவம்பர், பி.ப. 7.40

எழுதினேன். அனுப்பப் போவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய சேர், மேடம், இன்று என்னை நேர்முகத்துக்கு அழைத்து உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு மிக்க நன்றி. உங்கள் நிறுவனத்தில் இணைவது என் நீண்ட நாள் கனவு. பதற்றத்தில் ஒரு முக்கியமான விடயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன், அதற்கு மனம் வருந்துகிறேன், தயவுசெய்து மன்னிக்கவும். எனது தற்போதைய நிறுவனத்தில் வங்கிக் கணக்கிணக்கத்தில் பல முன்னேற்றங்களைச் செய்து, மாத முடிவை 8ஆவது நாளிலிருந்து 5ஆவது நாளுக்குக் கொண்டுவந்துள்ளேன்..."

இதற்குக் கீழே இன்னும் இரண்டு பந்தி இருக்கிறது. எழுதி முடித்து வாசித்தால் எனக்கே பிடிக்கவில்லை. எங்கே பிழை என்று தெரியவில்லை.

தெஹிவளை_அக்கா | 4 நவம்பர், பி.ப. 8.05

மன்னிப்பு இரண்டு தரம் வருகிறது, எண் கொடுத்த வேலை ஒரு தரமும் வரவில்லை. "பல முன்னேற்றங்கள்" என்றால் என்ன? நீங்கள் மேலே இங்கே எங்களுக்கு எழுதியது இதைவிட நூறு மடங்கு தெளிவாக இருக்கிறது. வங்கிக் கூற்றில் "பேமன்ட்" என்று மட்டும் கிடக்கும் என்றீர்களே, அந்த வரியை வாசித்ததும் எந்தக் கணக்காளருக்கும் விளங்கும். அவரும் மாதா மாதம் அதோடுதான் மாரடிக்கிறார்.

இனி இரண்டு கேள்வி. இரண்டாம் சுற்றில் அவர் கட்டாயம் கேட்பார், அதனால் இப்பவே கேட்கிறேன். இதை நீங்கள் தனியாகச் செய்தீர்களா? 8 நாள் 5 ஆனதற்கு இது மட்டும்தானா காரணம்?

வெள்ளவத்தை_கணக்கு | 4 நவம்பர், பி.ப. 9.30

இதற்குப் பதில் எழுத ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது.

யோசனை என்னுடையது. வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொன்னதும் நான், ஜூலை முழுக்க மதியத்துக்குப் பிறகு அதுதான் வேலை. விலைப்பட்டியலில் எண் அச்சாகும்படி மாற்றியது ஐ.டி. பிரிவில் இருக்கும் ஓர் அண்ணா. அதை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்விதான் சுட்டது. ஓகஸ்டில் எங்களுக்குப் புதிதாக ஓர் உதவியாளர் வந்தார். கடன்கொடுத்தோர் பக்க வேலையை அவர் எடுத்துக்கொண்டார். 8 நாள் 5 ஆனதில் அவருக்கும் பங்கு உண்டு. இவ்வளவு நாளும் இதை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. கந்தோரில் எல்லோரும் "உன்ட எண் முறையாலதான்" என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். பழைய கோப்புகளின் திகதியை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கணக்கிணக்கத்துக்கு மட்டும் முன்பு மூன்று முழு நாள் போகும். இப்போது ஒரு நாளில் முடிகிறது. அந்த மூன்று ஒன்றானதை மட்டும் நான் தைரியமாகச் சொல்லலாம்.

இன்டர்வியூவில் ஞாபகம் வந்திருந்தால் 8 நாள் 5 நாள் என்றுதான் சொல்லியிருப்பேன். மறந்தது ஒரு வகையில் நல்லதாகிவிட்டது.

ஹற்றன்_தம்பி | 4 நவம்பர், பி.ப. 9.48

அக்கா, என் கதை வேறு. நான் மறக்கவில்லை, பிழையாகச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கொள்ளுப்பிட்டியில் ஓர் இன்டர்வியூ. சம்பளப் பட்டியல் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டார்கள், மூன்று என்றேன். உண்மையில் ஒரு வருடமும் எட்டு மாதமும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சீ.வி.யில் சரியாகத்தான் இருக்கிறது. நான்கு நாள் போய்விட்டது. இப்போது எழுதினால் நானே காட்டிக்கொடுப்பதாகாதா?

கொட்டாஞ்சேனையான் | 4 நவம்பர், பி.ப. 9.55

விடுங்கள் தம்பி, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தெஹிவளை_அக்கா | 4 நவம்பர், பி.ப. 10.20

தம்பி, கவனிப்பார்கள். வேலை தர முடிவெடுத்த பிறகு பழைய இடத்திலிருந்து சேவைச் சான்றிதழ் கேட்போம், அதில் திகதி இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு எந்த மாதத்திலிருந்து கட்டினார்கள் என்பதும் தெரியவரும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் நியமனக் கடிதமே நிற்கும்.

உங்களுடையது மறந்த விடயத்தைச் சேர்ப்பது அல்ல, திருத்தம். திருத்தம் நன்றிக்குக் கீழே ஒளிந்திருக்கக் கூடாது, முதல் வரியில் வர வேண்டும். "சம்பளப் பட்டியல் அனுபவம் மூன்று வருடம் என்று சொன்னேன். பயிற்சிக் காலம் நீங்கலாக அது ஒரு வருடமும் எட்டு மாதமும்." அவ்வளவுதான். அனுப்பினால் அவர்களுக்கு மூன்று வருடம் கட்டாயமா என்பதைப் பொறுத்து வேலை போகவும் கூடும். அதை நான் மறைக்கவில்லை.

கணக்குத் தங்கச்சிக்கு: மூன்று நாள் ஒன்றானது போதும். அது அவருடைய கேள்விக்கு நேரடிப் பதிலும்கூட. வங்கிக் கணக்கிணக்கம்தான் தாமதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அல்லவா.

வெள்ளவத்தை_கணக்கு | 4 நவம்பர், பி.ப. 10.50

இரண்டாவது தடவை எழுதியது, எச்.ஆர். பிள்ளைக்கு:

"இன்று உங்களோடும் நிதி முகாமையாளரோடும் கணக்காளரோடும் கதைக்கக் கிடைத்ததற்கு நன்றி. பொத்தான் இருப்பை நிறம், அளவு வாரியாக நீங்கள் எண்ணும் முறையைக் கணக்காளர் விளக்கியது எனக்குப் புதிது.

மாத முடிவைத் தாமதப்படுத்துவது எது, அதற்கு என்ன செய்தேன் என்று நிதி முகாமையாளர் கேட்டார். வங்கிக் கணக்கிணக்கம் என்று சொன்னேன், செய்ததைச் சொல்லவில்லை. யார் அனுப்பியது என்று தெரியாத வைப்புகள் ஜூன் முடிவில் 70க்கு மேல் இருந்தன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நான்கு இலக்க எண் கொடுத்து, பணம் அனுப்பும்போது அதைக் குறிப்பிடச் செய்தேன். விலைப்பட்டியலில் அதை அச்சிட எங்கள் ஐ.டி. பிரிவு உதவியது. செப்டெம்பர் முடிவில் 9 மிஞ்சின. மூன்று நாள் எடுத்த கணக்கிணக்கம் ஒரு நாளில் முடிந்தது.

இதை நிதி முகாமையாளருக்கும் அனுப்பிவைத்தால் நன்றியுடையவளாவேன்."

"மறந்துவிட்டேன்" என்ற சொல்லே இல்லை. "சொல்லவில்லை" என்று மட்டும் வைத்தேன்.

கொட்டாஞ்சேனையான் | 4 நவம்பர், பி.ப. 11.02

"மறந்துவிட்டேன்" என்று சொல்வதில் என்ன குறை? மனிதன்தானே. எனக்கென்றால் அது உள்ளதைச் சொல்வதாகப் படுகிறது. எக்செல் பற்றி அக்கா சொன்னதை ஏற்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. லிங்க்ட்இன் விடயத்தில் ஏற்கமாட்டேன். முகாமையாளருக்கு நேரே எழுதியிருந்தால் கட்டாயம் வாசித்திருப்பார். எச்.ஆர். பிள்ளை அனுப்பிவைப்பாரா இல்லையா என்பது யாருக்குத் தெரியும்?

தெஹிவளை_அக்கா | 4 நவம்பர், பி.ப. 11.15

"மறந்துவிட்டேன்" ஒரு தரம் வந்தால் எனக்கும் குறையில்லை. அது அவரவர் விருப்பம். லிங்க்ட்இனில் சில முகாமையாளர்கள் சந்தோஷப்படுவார்கள், சிலர் எச்.ஆரைத் தாண்டி வந்துவிட்டார் என்று நினைப்பார்கள். எவர் எப்படி என்று வெளியே இருந்து கண்டுபிடிக்க வழியில்லை. நேர்முகத்துக்கு அழைத்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினால் உங்கள் சீ.வி.யும் அழைப்பும் இதுவும் ஒரே கோவையாக இருக்கும், அவர் ஒரு தட்டில் அனுப்பிவைக்கலாம். வாட்ஸ்அப் வேண்டாம். அதில் வந்ததை யாரும் கோப்பில் சேர்க்கமாட்டார்கள்.

பெயர்களை அவர்களுடைய மின்னஞ்சலின் அடியில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். சிங்களப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு விதமாக எழுதும். கந்தோர் கணினியிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

வெள்ளவத்தை_கணக்கு | 4 நவம்பர், பி.ப. 11.25

நாளைக்குப் போயா. இப்போது அனுப்பினால் விடுமுறை நாளில் போனில் பார்த்துவிட்டு மறந்துவிடுவாரோ? வியாழன் காலை 8.30க்கு அனுப்பினால் 48 மணித்தியாலம் ஆகிவிடும்.

தெஹிவளை_அக்கா | 4 நவம்பர், பி.ப. 11.31

இப்பவே. வியாழன் காலையில் முதல் வேலையாக அவர்கள் இருந்து கதைத்தால் உங்களுடையது பிந்திவிடும். வாசித்து மறப்பதைவிட முடிவெடுத்த பிறகு வருவதுதான் வீண்.

வெள்ளவத்தை_கணக்கு | 4 நவம்பர், பி.ப. 11.52

அனுப்பிவிட்டேன். அனுப்ப முன்னர் அம்மாவின் போனுக்கு அனுப்பித் திறந்து பார்த்தேன், திரையை ஒரு தரம் தள்ளினால் முடிந்துவிடுகிறது. கணக்காளரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன்.

வெள்ளவத்தை_கணக்கு | 6 நவம்பர், மு.ப. 10.14

எச்.ஆர். பிள்ளையிடமிருந்து ஒரே வரி: "நன்றி, அவருக்கு அனுப்பிவைத்துள்ளேன்."

ஹற்றன்_தம்பி | 7 நவம்பர், பி.ப. 1.30

நானும் நேற்று அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. இரவு நித்திரை மட்டும் வந்தது.

மருதானை_நானா | 7 நவம்பர், பி.ப. 2.10

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இன்டர்வியூவுக்கு வந்த மற்றவங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லையே. நாற்பது நிமிடத்தில் சொன்னதை வைத்துத்தானே எல்லாரையும் நிறுக்க வேணும்?

தெஹிவளை_அக்கா | 7 நவம்பர், பி.ப. 6.40

நானா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதனால்தான் புள்ளியை மாற்றுவதில்லை என்று எங்கள் இடத்தில் வைத்திருக்கிறோம். இரண்டாம் சுற்றில் என்ன கேட்பது என்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லா இடத்திலும் அப்படியா என்றால் இல்லை.

வெள்ளவத்தை_கணக்கு | 12 நவம்பர், பி.ப. 3.05

இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை. மின்னஞ்சலாலா, எஸ்வட் பதிலாலா, எனக்குத் தெரியாது.

வெள்ளவத்தை_கணக்கு | 14 நவம்பர், பி.ப. 5.45

போய் வந்தேன். நிதி முகாமையாளரும் இன்னொரு பணிப்பாளரும். என் மின்னஞ்சலை அச்சடித்து வைத்திருந்தார், "9 மிஞ்சின" என்ற இடத்தில் பேனையால் வட்டம். முதல் கேள்வியே அதுதான்: "அந்த ஒன்பது பேர் யார்? ஏன் எண்ணை எழுதவில்லை?"

அது எனக்குத் தெரிந்த பதில். பெரும்பாலும் கிளைக்குப் போய்க் காசாகக் கட்டும் சிறு கடைக்காரர்கள். கவுண்டரில் இருப்பவர் சிட்டையில் எண்ணை எழுதினாலும் கணினியில் தட்டுவதில்லை. அவர்களிடம் சிட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம், பாதிப் பேர் அனுப்புகிறார்கள். மற்றவர்களுக்கு இன்னும் போன்தான் எடுக்கிறேன். அப்படியே சொன்னேன். தங்களுக்கும் அப்படிப்பட்ட வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்று அவர் பணிப்பாளரைப் பார்த்துச் சொன்னார். பிறகு, மூன்று நாள் ஒன்றானது புது ஆள் வந்ததாலா என்று கேட்டார். அக்கா கேட்ட அதே கேள்வி. ஓகஸ்டில் வந்தவர் கடன்கொடுத்தோர் பக்கம்தான் பார்க்கிறார், வங்கி என்னிடமே இருக்கிறது என்றேன்.

பதில் இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள்.

கொட்டாஞ்சேனையான் | 14 நவம்பர், பி.ப. 6.20

நல்ல செய்தி! இன்றைக்கும் ஒன்று எழுதுவீர்கள்தானே? இந்தத் தரம் என்ன சேர்க்கப் போகிறீர்கள்?

வெள்ளவத்தை_கணக்கு | 14 நவம்பர், பி.ப. 6.50

எழுதினேன், இரண்டு வரி. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, சிறு கடைக்காரர்களைப் பற்றி அவர் சொன்னது பயனாக இருந்தது என்று. கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன், சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை.